யூடி லெவல் 2 மணிக் கணக்கும் லெவல் 3 கையெழுத்தும்: கேள்வி பதில்

பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் என்டிடி வேலையில் யூடி என்பது ஒலி அலைச் சோதனை, பிடி சாயச் சோதனை, எம்டி காந்தத் துகள் சோதனை, ஆர்டி கதிர்வீச்சுப் படச் சோதனை; லெவல் 1, 2, 3 அவற்றைச் செய்பவரின் தகுதிப் படிகள்.

யூடியில் 40 மணி நேர வகுப்பு முடிச்சாச்சு. நேரா லெவல் 2 எழுதலாம்னு இன்ஸ்டிட்யூட்ல சொல்றாங்க, சரியா?

பாதி சரி. லெவல் 1 சான்று இல்லாமலே லெவல் 2 போகலாம், ஆனால் இரண்டு லெவலின் மணிகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கம்பெனிகள் என்டிடி ஆட்களுக்குச் சான்று தரப் பின்பற்றும் எஸ்என்டி-டிசி-1ஏ வழிகாட்டியின் அட்டவணைப்படி வகுப்பு 40+40, ஆக 80 மணி. அனுபவம் யூடியில் மட்டும் 210+630, அதாவது 840 மணி. எல்லா என்டிடி வேலையும் சேர்ந்து 400+1200, அதாவது 1600 மணி. அந்த 840 இந்த 1600-க்குள்ளேயே அடக்கம்; மீதி 760 மணி பிடி, எம்டி பார்த்ததாக இருக்கலாம். "ஆறு மாதம் எங்களிடம் வேலை பார்த்தார்" என்ற கடிதத்தில் மணியே இருக்காது, ஆடிட்டில் அதுதான் அடிபடும். தேதி, மெத்தட், மணி, மேற்பார்வையாளர் கையெழுத்து உள்ள லாக் புக் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரல் 72, ஸ்பெசிஃபிக் 78, பிராக்டிக்கல் 85. எல்லாமே 70-க்கு மேல, அப்புறம் ஏன் ஃபெயில்?

தனித்தனியாக 70 போதும், ஆனால் சராசரி 80 வர வேண்டும். உங்கள் மொத்தம் 235, சராசரி 78.3. ஐந்து மார்க்கில் போயிற்று. மறுதேர்வுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், அல்லது லெவல் 3 சொல்லும் கூடுதல் பயிற்சியை முடிக்க வேண்டும்.

எங்க கன்சல்டன்ட் யூடி, எம்டி லெவல் 3. ஆர்டி பசங்களுக்கும் அவரே தேர்வு வெச்சு சர்டிஃபிகேட்ல கையெழுத்து போட்டுட்டார். லெவல் 3-னா எல்லாத்துக்கும்தானே?

இல்லை. லெவல் 3 என்பது மெத்தடுக்கு மெத்தட் தனி. யூடியிலும் எம்டியிலும் அவர் பயிற்சி தரலாம், தேர்வு வைக்கலாம், ப்ரொசீஜர் எழுதலாம், தர விதிகளான கோடுகளுக்கு விளக்கம் சொல்லலாம். ஆர்டி தேர்வுக்கு ஆர்டி லெவல் 3 வேண்டும். அந்தத் தேர்வுகள் நிற்காது, திரும்ப நடத்துங்கள்.

இன்னொன்று: வெளியாள் லெவல் 3 தேர்வு நடத்தித் தரலாம், ஆனால் சான்று வழங்குவது வேலை கொடுக்கும் கம்பெனி. சான்று தரும் முறையை கம்பெனி எழுதி வைக்கும் ரிட்டன் பிராக்டிஸில் யாரைக் குறித்திருக்கிறீர்களோ அவர் கையெழுத்து இல்லாமல் வெளியாளுடையது மட்டும் இருந்தால், ஆடிட்டர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

ஆர்டி லெவல் 2 இருந்தா கதிர்வீச்சு சோர்ஸ் கையாளலாமே, அதைப் பத்தித்தானே பேச்சு?

அது வேறு பேச்சு. இந்தியாவில் சோர்ஸைத் தொடுவதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி விதிப்படியான தகுதி தனியாக வேண்டும். லெவல் 2 சோதனையை நடத்தி, படத்தைப் படித்து முடிவு சொல்வதற்குத்தான்.

கம்பெனி மாறினா சான்று கூடவே வருமா? அடுத்தது கல்ஃப்.

வராது. வேலையை விட்ட அன்றே முடிந்தது. புது கம்பெனி தேர்வு வைத்துத் திரும்பத் தரலாம். அதற்குப் பழைய சான்றின் நகல் வேண்டும், விலகி ஆறு மாதத்துக்குள் நடக்கவும் வேண்டும். கிளம்பும் முன் மணிக் கணக்கை வாங்கிவிடுங்கள். கல்ஃப் கிளையன்ட் இந்தக் கம்பெனி சான்றையே ஏற்பாரா, வெளி அமைப்பு தரும் ஐஎஸ்ஓ 9712 சான்றைக் கேட்பாரா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஏஜென்டை நம்பாமல் ஸ்பெசிஃபிகேஷனையே கேட்டு வாங்கிப் படியுங்கள்.