சாம்பல் வானத்துக்குக் கீழே சிவப்புக் குடை

கேள்வி: கடையில மழைக்கால சேல் போடறோம். ரெயின்கோட், குடைக்கு ஒரு படம் வேணும். ரோடு ஈரமா மின்னணும், குடையோட நிழல் தண்ணில தெரியணும், வானம் மங்கலா இருந்தாலும் கலர் பளிச்சுனு வரணும். எடுத்துப் பார்த்தா எல்லாமே வெளுத்துப் போகுது. என்ன பண்றது?

குடையை விட்டுவிட்டு, முதலில் குடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளுப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

நான் ஊட்டியில் இருபது வருடமாகப் படம் எடுக்கிறேன். போன ஆடியில் ஒரு குடைக்கடைக்காரர் இதே வேலையைக் கொடுத்தார். அவருடைய அண்ணன் மகள் மஞ்சள் ரெயின்கோட் போட்டு, சிவப்புக் குடை பிடித்து நின்றாள். மழை நின்று ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது, ரோடு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நல்ல அகலமான ரோடு, பின்னால் வானம் திறந்து கிடந்தது. கேமராவைத் தரைக்கு அருகே இறக்கி எடுத்தேன். ரோடு முழுவதும் பால் கொட்டியது போல வெள்ளையாக வந்தது. அதில் குடையின் சிவப்பு, வெளுத்த ரோஜா நிறத்தில் லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஈர ரோடு ஒரு சுமாரான கண்ணாடி. தாழ்வாக இருந்து பார்க்கும்போது, எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் அது நம்மிடம் திருப்பிக் காட்டும். எதிரே வெறும் வானம் இருந்தால் ரோடு வானத்தைக் காட்டும். மேகம் மூடிய வானம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும், தெருவிலேயே அதிக வெளிச்சம் உள்ள பொருள் அதுதான். அந்த வெள்ளைக்கு மேலே சிவப்பு எடுபடாது.

அதனால் அவளை ரோட்டின் ஓரத்துக்கு நகர்த்தி, நானும் திரும்பி நின்றேன். இப்போது அவளுக்குப் பின்னால் ஒரு சைப்ரஸ் வரிசையும், ஷட்டர் போட்ட இரண்டு கடைகளும். அதே வானம், அதே மழைத் தண்ணீர். ஆனால் ரோடு கறுத்துவிட்டது. அந்தக் கறுப்பில் மஞ்சள் கோட்டு நீளமாக ஓடி வந்து என் லென்ஸ் வரை நின்றது. கடைக்காரர் பின்னால் நின்று திரையைப் பார்த்து, "இப்பத்தாங்க சரக்கு தெரியுது" என்றார்.

ஆனால் குடையின் பிம்பம் மட்டும் சிவப்பாக இல்லை. வெள்ளி நிறத்தில் இருந்தது. எனக்கும் சற்று நேரம் புரியவில்லை. பிறகு குடையை வாங்கிப் பார்த்தேன்: வெயில் தாங்குவதற்காக உள்பக்கம் வெள்ளிப் பூச்சு பூசிய ரகம். தரையில் விழும் பிம்பம், குடையைக் கீழிருந்து பார்ப்பது போன்றது. நாம் வெளித்துணியைப் பார்ப்போம், தண்ணீர் உள்துணியைப் பார்க்கும். உள்ளே கறுப்புப் பூச்சு இருந்தால் பிம்பமும் கறுப்பாகத்தான் வரும். குடை விளம்பரம் எடுக்கிறவர்கள் கடையில் குடையைத் தேர்ந்தெடுக்கும்போதே விரித்து உள்பக்கம் பார்த்துவிடுங்கள். பூச்சில்லாத துணி என்றால் வானத்து வெளிச்சம் துணி வழியாக இறங்கி, உள்பக்கமும் விளக்குப் போட்டது போல ஒளிரும். பூச்சுள்ள குடையைத்தான் விற்க வேண்டும் என்றால், குடையைக் கேமராப் பக்கம் நன்றாகச் சாய்க்கச் சொல்லுங்கள். வெளித்துணி தண்ணீருக்கும் தெரிய ஆரம்பிக்கும். நாங்கள் பூச்சில்லாத சிவப்புக் குடைக்கு மாறினோம்.

அதில் வேறொரு சிக்கல் வந்தது. அந்தத் துணி வழியாக வந்த வெளிச்சம் பெண்ணின் முகத்தைச் செக்கச் செவேல் என்று ஆக்கிவிட்டது. மஞ்சள் கோட்டின் தோள்பட்டை ஆரஞ்சு நிறமாகிவிட்டது. விற்கிற கோட்டு படத்தில் வேறு நிறத்தில் இருந்தால், வாங்க வருகிறவர் கடையில் நின்று சண்டை போடுவார், அது நியாயமும்தான். குடையை லேசாகத் தோளுக்குப் பின்னால் சாய்த்து, முன்னால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை முகத்துக்கு நேரே காட்டச் சொன்னேன். முகமும் கோட்டும் தங்கள் நிறத்துக்கு வந்தன. குடையை முழுக்கவும் விலக்கிவிடக் கூடாது. பளபளப்பான பிளாஸ்டிக் கோட்டின் தோளில் வானம் வெள்ளையாகப் பட்டு நிறத்தைத் தின்றுவிடும். தலைக்கு மேலே குடை இருந்தால் அந்த வெள்ளை படாது.

போலரைசர் ஃபில்டர் போட்டால் அந்தப் பளபளப்பு போகுமே என்று சிலர் சொல்வார்கள். போகும். ஆனால் அதைத் திருப்புகிற திசையைப் பொறுத்து, ரோட்டில் இருக்கும் பிம்பத்தையும் அது துடைத்துவிடும். உங்களுக்கு வேண்டியதே அந்தப் பிம்பம்தான். கழற்றி வைத்துவிடுங்கள்.

ஃபோகஸ் விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தண்ணீரில் குடை தெரிகிறது என்று தண்ணீரின் மேல்பரப்புக்கு ஃபோகஸ் வைப்பார்கள். அப்படி வைத்தால் ரோட்டின் ஜல்லி கூர்மையாக வரும், குடை மங்கிப் போகும். பிம்பம் தண்ணீரின் மேல் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. கேமராவிலிருந்து தண்ணீர் வரை, தண்ணீரிலிருந்து குடை வரை, இரண்டு தூரத்தையும் கூட்டினால் வருகிற ஆழத்தில் இருக்கிறது. ஆகவே நிஜக் குடைக்கே ஃபோகஸ் வையுங்கள். போனில் எடுத்தால் குடையின் மேல் விரலால் தொட்டு, அங்கே வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். போன் தானாக விட்டால் இருட்டான பின்னணியைப் பார்த்து எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சிவப்புத் துணியின் மடிப்பும் தையலும் தெரிந்தால் சரி. ஒரே சிவப்புத் திட்டாக இருந்தால் வெளிச்சம் அதிகம், பின்னால் எடிட்டிங்கில் அதை மீட்க முடியாது.

எடிட்டிங்கில் சாச்சுரேஷனை மொத்தமாகக் கூட்டாதீர்கள். மேகமூட்ட வெளிச்சத்தில் இயல்பாகவே கொஞ்சம் நீலம் இருக்கும். மொத்தமாகக் கூட்டினால் ரோடு நீலச்சாயம் முக்கியது போல ஆகிவிடும். சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் தனித்தனியாகத் தொடுங்கள், சாமானைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே. வானத்தின் சாம்பலை அப்படியே விட்டுவிடுங்கள். எங்கள் படத்தில் 'ஆடித் தள்ளுபடி' என்ற எழுத்து விழுந்ததும் அந்தச் சாம்பல் மேல்தான். அதனால்தான் மரவரிசைக்கு மேலே ஒரு கால்பங்கு வானம் விட்டு எடுத்திருந்தேன்.

நேரம்: மழை பெய்து கொண்டிருக்கும்போது பிம்பம் வராது, ஒவ்வொரு துளியும் அதைக் கலைத்துக்கொண்டே இருக்கும். மழை நின்று தண்ணீர் அடங்கிய சில நிமிடங்கள்தான் உங்களுடையவை. புதிதாகத் தார் போட்ட ரோட்டைவிடத் தேய்ந்த ரோடும் சிமெண்டுத் தரையும் நன்றாகக் காட்டும். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் இது தினமும் கிடைக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது நல்லது. மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு மேல் ஆளை நிறுத்தாதீர்கள், நிறம் கரைந்துவிடும். இடையில் சூடான டீக்கடைக்குள் கேமராவைக் கொண்டு போனால் குளிர்ந்த லென்ஸில் ஆவி படியும், அது தெளிவதற்குள் ரோடு காய்ந்துவிடும்.

நாங்கள் அன்று டீயை வெளியே வாங்கி வரச் சொல்லித்தான் குடித்தோம். இடையில் தண்ணீர் வடிந்தபோது, கடையிலிருந்து இரண்டு குடம் தண்ணீரை அந்தப் பெண்ணின் காலுக்கும் என் கேமராவுக்கும் நடுவில் மட்டும் ஊற்றினோம். படத்தில் தெரிகிற ரோடு அவ்வளவுதான்.