லேபிள் செய்த வேலையை மட்டும் சொல்லுங்கள்

"அக்கா, நான் கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே கிராபிக் டிசைன் வேலை செய்கிறேன். விசுவமடுவில் தூள் இடித்து விற்கும் பெண்கள் குழு ஒன்றுக்கு லேபிள் செய்து கொடுத்தேன். அதை லிங்க்ட்இன்னில் போட்டு, 'நவீனமான, கண்ணைக் கவரும் வடிவமைப்பு. விற்பனை 40 வீதம் கூடியது' என்று எழுதினேன். ஒருவரும் வேலை கேட்டு வரவில்லை. என்ன பிழை? முந்தி மிளகாய்த்தூள், கறித்தூள், சரக்குத்தூள் மூன்றும் ஒரே மாதிரி லேபிளில் இருந்ததால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். வாரம் ஐந்தாறு பக்கற் திரும்பி வரும். புது லேபிள் போட்டு இரண்டு மாதத்தில் மொத்தமாக இரண்டுதான் வந்ததாம். அதோடு வவுனியாவில் இரண்டு கடைகளுக்கும் இப்போது போடுகிறார்கள்."

அன்புள்ள தங்கைக்கு,

பதிவில் எழுதாமல் விட்டு எனக்கு எழுதினீர்களே, அந்தக் கடைசி வரிகள்தான் உங்கள் பதிவு.

முதலில் அந்த 40 வீதத்தை எடுத்துவிடுங்கள். வவுனியாவில் இரண்டு கடைகள் புதிதாகச் சேர்ந்தால் லேபிள் மாறாவிட்டாலும் விற்பனை கூடும். டிசைனுக்குக் காசு கொடுத்துப் பழகியவர் அதைத்தான் முதலில் கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது. திரும்பி வந்த பக்கற் அப்படியல்ல. தூள் மாறிப் போனதால் வந்தது, எந்தத் தூள் என்று லேபிள் அடையாளம் காட்டியதும் கிட்டத்தட்ட நின்றது. இதில் உங்கள் கை இருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: "வந்ததாம்" என்பதோடு விடாமல், குழுவின் கணக்குக் கொப்பியில் முந்திய இரண்டு மாதத்தையும் பிந்திய இரண்டு மாதத்தையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். வவுனியாக் கடைகளைச் சேர்க்காமல், பழைய கடைகளை மட்டும் எண்ணுங்கள்.

அடுத்தது, பிரச்சினையைச் சொல்லும் விதம். பழைய லேபிள் அழகில்லை என்று எழுதினால் அது உங்கள் ரசனை. கறித்தூள் கேட்டவருக்கு மிளகாய்த்தூள் போய், கறி வாயில் வைக்க முடியாமல் உறைத்தது என்றால், கடை வைத்திருக்கும் எவருக்கும் விளங்கும். இது பதிவின் தலையிலேயே வர வேண்டும். கைபேசியில் இரண்டு மூன்று வரிக்குப் பிறகு மிச்சமெல்லாம் …more என்பதற்குள் மடிந்துவிடும். "இந்தத் திட்டத்தைப் பகிர்வதில் மகிழ்ச்சி" என்று தொடங்கினால் அந்த இடம் அதிலேயே முடிந்துவிடும்.

நீங்கள் எனக்கு அனுப்பிய மூன்று லேபிள்களின் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பெயரும் "தூள்" என்றே முடிகின்றன. நீங்கள் அந்தத் தூளைச் சிறிதாக்கி, வேறுபடும் முன்பாதியை மட்டும் பெரிதாக்கியிருக்கிறீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. தமிழ் தெரிந்த டிசைனருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை, அதைப் போய் ஒரு சொல்கூட எழுதாமல் விட்டிருக்கிறீர்களே! ஒரே கறுப்பு மையில், மூன்று நிறத்தாளில் அச்சடித்ததையும் சொல்லுங்கள். செலவுக்குள் நின்று யோசித்திருக்கிறீர்கள் என்பதை அது காட்டும். எந்த எழுத்துரு, எந்த மென்பொருள் என்ற பட்டியல் வேண்டாம். ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் சொன்னால் போதும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கறித்தூள் கேட்டவருக்கு மிளகாய்த்தூள் போய்க்கொண்டிருந்தது. மூன்று தூளுக்கும் ஒரே லேபிள். வாரம் ஐந்தாறு பக்கற் திரும்பி வந்தது.

விசுவமடுப் பெண்கள் குழுவிடம் ஒரு மை அச்சுக்குத்தான் காசு இருந்தது. அதனால் மையை விட்டுத் தாளை மாற்றினேன்: ஒவ்வொரு தூளுக்கும் ஒரு நிறம். வெயிலில் நிறத்தாள் வெளிறலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்பவில்லை. மூன்று பெயருக்கும் பொதுவான 'தூள்' சிறிதாக, வேறுபடும் பகுதி பெரிதாக.

புது லேபிள் போட்ட இரண்டு மாதத்தில், அதே கடைகளிலிருந்து திரும்பி வந்தது இரண்டு பக்கற்."

வெளிறும் விஷயம் நானாகச் சேர்த்தது. நீங்கள் அப்படி யோசித்துச் செய்யவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எண்ணையும் கொப்பியில் இருக்கிறபடியே போடுங்கள். இரண்டுக்குப் பதில் ஐந்து என்றிருந்தால் ஐந்து. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து வேலை வேண்டும் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதலாம். அப்போது 'தூள்' என்றால் என்ன என்பதற்கு ஒரு வரி கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த நல்ல யோசனை அவர்களுக்குப் பிடிபடாது.

போடுவதற்கு முன் குழுவிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். பக்கற் திரும்பி வந்தது அவர்களுடைய வியாபாரச் சங்கதி. ஊர்ப்பெயர் வேண்டாம் என்றால் "வன்னியில் ஒரு பெண்கள் குழு" என்று மாற்றினாலும் பதிவு குறையாது.

அப்புறம் படம். இப்போது பதிவில் ஒரு பக்கற்றை மட்டும் வெள்ளைப் பின்னணியில் தனியாக நிறுத்தியிருக்கிறீர்கள். இந்த வேலையின் முழு விஷயமே மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான். கடைக்குப் போய், மூன்றையும் தட்டில் இருக்கிறபடியே, கடைக்காரர் நிற்கும் தூரத்திலிருந்து எடுங்கள். பழைய பக்கற்றுகள் மிச்சமிருந்தால் அவற்றையும் அதே இடத்தில் வைத்து இன்னொன்று எடுத்து, அதை முதல் படமாகப் போடுங்கள். பதிவு இரண்டு நாளில் கீழே போய்விடும், ஆகவே உங்கள் பக்கத்தில் Featured என்ற பகுதியிலும் சேர்த்துவிடுங்கள்.