பில்லைக் கிழித்துவிட்டு நோட்டில் எதை எழுதுகிறீர்கள்?

*சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் பார்த்துத்தான் மளிகை வாங்குகிறேன். ஆனாலும் மாதச் செலவு குறையவில்லை. ஒரு நோட்டுப் போட்டு, எந்தப் பொருளுக்கு எவ்வளவு தள்ளுபடி கிடைத்தது என்று எழுதி வருகிறேன். பில்லை மட்டும் வரும் வழியிலேயே கிழித்துப் போட்டுவிடுவேன். அவர் பார்த்தால் பேச்சு வளரும். எது உண்மையான ஆஃபர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?*
*– பெயர் வேண்டாம், திருச்சி*

பில்லைக் கிழித்துவிட்டால் மனதில் நிற்பதைத்தானே எழுத முடியும்? நிற்பது கடைப் பலகையில் பார்த்த '32 ரூபாய் தள்ளுபடி'. அது எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்த கணக்கு. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்ச விலை. எண்ணெய், பருப்பெல்லாம் பல கடைகளில் சாதாரண நாளிலேயே அதற்குக் கீழேதான் விற்கிறது. தள்ளுபடியை எழுதி வைத்தால் கடையின் விளம்பரத்துக்கு நீங்கள் நகல் எடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நோட்டில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாதாமாதம் வாங்கும் பன்னிரண்டு பொருள் போதும். தேதி, கடை, பிராண்டு, பாக்கெட்டில் உள்ள நிகர எடை, நீங்கள் கொடுத்த பணம், கடைசியில் கிலோ விலை. எடையைப் பாக்கெட்டைப் பார்த்தே எழுதுங்கள். பில்லில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் கிராம் விலையை எடுக்காதீர்கள், அது எம்.ஆர்.பி.க்குப் போட்ட கணக்கு.

சூரியகாந்தி எண்ணெயையே பாருங்கள். ஒரு பாக்கெட் 158 ரூபாய், இன்னொன்று ஆஃபரில் 152 என்று வைத்துக்கொள்வோம். கை தானாக 152-க்குப் போகும். முதலாவதில் 910 கிராம், இரண்டாவதில் 850 கிராம். பணத்தை 1000-ஆல் பெருக்கி, கிராமால் வகுத்தால் முதலாவது கிலோ சுமார் 174 ரூபாய், ஆஃபர் பாக்கெட் 179. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றாலும் இதே கணக்குதான்: மொத்தப் பணத்தை மொத்த எடையால் வகுக்க வேண்டும். ஆனால் பழைய பொன்னியையும் புதுப் பொன்னியையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு விலை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். தரம் மாறினால் பக்கமும் மாற வேண்டும்.

மூன்று மாதம் எழுதினால் ஒவ்வொரு பக்கத்திலும் மிகக் குறைந்த கிலோ விலை தெரிந்துவிடும். அதை வட்டமிடுங்கள். பண்டிகைப் பலகை என்ன சொன்னாலும், வட்டத்துக்குக் கீழே வந்தால்தான் ஆஃபர்.

இதற்கெல்லாம் பில் வேண்டும் அம்மா. அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றன்றே எழுத வேண்டும். அவருக்குத் தெரியாமல் எப்படி எழுதுவீர்கள்? கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்காத வீட்டுக் கணக்கு கணக்கே இல்லை என்பது என் கட்சி. பேச்சு வளர்ந்தால் வளரட்டும். அவர் பாக்கெட்டைப் பார்த்து எடையை வாசிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். கத்துகிறவருக்கும் துவரம்பருப்பு என்ன விலை என்று தெரிய வேண்டாமா?

உண்மையான ஆஃபர் வந்தாலும் பருப்பை இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். வண்டு விழுந்தால் கொட்டுகிற பருப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிலோ விலை வட்டத்தைத் தாண்டிவிடும்.