சின்ன பாக்கெட்டா, பெரிய டப்பாவா: கிலோ விலைக் கணக்கு

கேள்வி: ஒரே பொருள் பல அளவுகளில் வருகிறது. கிலோவுக்கு எது மலிவு என்று அட்டவணை போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரில் போன வாரம் சூரியகாந்தி எண்ணெய்க்கு நான் போட்ட கணக்கையே தருகிறேன். எக்செல்லில் A பெயர், B எடை (கிராமில்), C நீங்கள் கொடுக்கும் விலை. D2-வில் இதை எழுதி கீழே இழுத்துவிடுங்கள்:

```
=C2/B2*1000
```

| பாக்கெட் | கிராம் | ரூ. | கிலோவுக்கு |
|---|---|---|---|
| கவர் அ | 910 | 150 | 164.84 |
| கவர் ஆ | 850 | 142 | 167.06 |
| 5 லிட்டர் கேன் | 4550 | 770 | 169.23 |

கடையில் பார்த்தால் கவர் ஆ எட்டு ரூபாய் குறைவு. இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். கவரைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த நிகர எடையைப் படித்த பிறகுதான் 60 கிராம் குறைவு என்று தெரிந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்லை, சுமார் 910 கிராம்தான். அதனால் B-யில் லிட்டரை எழுதாமல் எடையையே எழுதுங்கள். பெரிய கேன் மலிவாக இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். இங்கே அதுதான் அதிக விலை.

பாக்கெட்டிலேயே அலகு விலை அச்சிட்டிருப்பார்களே என்று கேட்கலாம். அது எம்ஆர்பி-யை வைத்துப் போட்டது, தள்ளுபடி அதில் சேராது. அப்புறம், ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கும், அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கும் போட்டிருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.