மாத நாட்காட்டிக் கட்டத்தில் விடுமுறையும் கெடுவும்: எங்கள் அலுவலகத்தில் நான் செய்யும் முறை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர். விடுமுறைகளையும் கெடு தேதிகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் மாத அட்டவணை வேண்டும். எக்செலில் ஒவ்வொரு மாதமும் கையால் கட்டம் போட்டு நிரப்புகிறேன். ஆனாலும் ஏதாவது ஒரு தேதி தவறிவிடுகிறது. எப்படி அமைத்தால் சரியாக வரும்?

பதில்:

கட்டத்திற்குள் கையால் எதையும் எழுதாதீர்கள். தேதிகளை ஒரு பட்டியலில் எழுதுங்கள். கட்டம் அந்தப் பட்டியலைப் படித்துத் தானே நிரம்பட்டும். நான் பல ஆண்டுகள் நீங்கள் செய்வதைப் போலத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு மாதக் கடைசியில் பட்ட அடிக்குப் பிறகுதான் மாறினேன்.

அந்த மாதம் வெள்ளிக்கிழமை தொடங்கியது, 31 நாட்கள். ஞாயிறு முதல் சனி வரை ஏழு பத்திகள் போட்டால் முதல் வரிசையில் 1, 2 மட்டும் வரும். பிறகு நான்கு முழு வாரங்கள் போய், 31 தனியாக ஆறாவது வரிசைக்கு வந்து நிற்கும். என்னுடைய கட்டத்தில் ஐந்து வரிசைகள்தான் இருந்தன. சுவர் நாட்காட்டிகளில் செய்வதுபோல 24க்கும் 31க்கும் ஒரே பெட்டியைக் கொடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, 31ஆம் தேதிக் கெடுவை அதற்குள் எழுதினேன். 24 கடந்தவுடன் எல்லாருடைய கண்ணும் அடுத்தடுத்த பெட்டிகளுக்குப் போய்விட்டது. அந்தப் பெட்டியை முடிந்துபோன பெட்டியாகவே பார்த்தார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். கணக்கு அறிக்கை இரண்டு நாள் தாமதமாகப் போனது.

இது அபூர்வமான அமைப்பு அல்ல. 2025 ஆகஸ்ட், 2026 மே, 2027 ஜனவரி மூன்றுமே வெள்ளிக்கிழமை தொடங்கும் 31 நாள் மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய 2026 பிப்ரவரியோ சரியாக நான்கே வரிசைகளில் அடங்கிவிட்டது. அதனால் எப்போதும் ஆறு வரிசைகள் வையுங்கள். காலியாகக் கிடக்கும் வரிசையால் ஒரு நஷ்டமும் இல்லை. வாரத்தைத் திங்களில் தொடங்கினாலும் ஆறாவது வரிசை தேவைப்படும் மாதங்கள் வரத்தான் செய்யும். 2026 ஆகஸ்ட் சனிக்கிழமை தொடங்குவதால், திங்களில் தொடங்கும் கட்டத்தில் 31 தனியாக நிற்கும்.

கட்டத்தை இப்படி அமையுங்கள். `B1` பெட்டியில் மாதத்தின் முதல் தேதியை இடுங்கள். கிழமைப் பெயர்களை மூன்றாவது வரிசையில் எழுதுங்கள். நான்காவது வரிசை முதல் ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு வரிசைகள்: மேலே தேதி, கீழே குறிப்பு. `A4`, `B4`, `A6` ஆகிய பெட்டிகளுக்கான சூத்திரங்கள் வரிசையாக இவை:

```
=$B$1-WEEKDAY($B$1)+1
=A4+1
=A4+7
```

இரண்டாவதை `G4` வரை இழுத்துவிடுங்கள். மூன்றாவதை ஒவ்வொரு வாரத்தின் தேதி வரிசையிலும் ஏழு பத்திகளுக்கும் நகலெடுங்கள். `B1`-ஐ மாற்றினால் முழு மாதமும் மாறிவிடும். பெட்டிகளின் தேதி வடிவத்தை `d` என்று வைத்தால் நாள் எண் மட்டும் தெரியும். முந்தைய மாதத்தின் கடைசி நாட்களும் அடுத்த மாதத்தின் முதல் நாட்களும் ஓரங்களில் வரும். அவற்றை அழித்துவிடாதீர்கள், நிபந்தனை வடிவமைப்பில் கீழே உள்ள சூத்திரத்தைக் கொடுத்து வெளிர் சாம்பல் நிறமாக்குங்கள்.

```
=MONTH(A4)<>MONTH($B$1)
```

மாதக் கடைசிக் கெடு அடுத்த மாதம் முதல் தேதிக்குத் தள்ளிப்போகும்போது அந்தச் சாம்பல் பெட்டிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இனி பட்டியல். அதே கோப்பில் `List` என்று இன்னொரு தாள் திறந்து, `A` பத்தியில் தேதியும் `B` பத்தியில் அந்த நாளில் தெரியவேண்டிய சொற்களும் எழுதுங்கள். 2 முதல் 40 வரையிலான வரிசைகளை விடுமுறைகளுக்கு ஒதுக்கி, `A2:A40` பகுதிக்கு `Holidays` என்று பெயர் சூட்டுங்கள். 41ஆம் வரிசை முதல் கெடுக்கள். பிறகு கட்டத்தின் முதல் குறிப்புப் பெட்டியான `A5`-இல் இதை இட்டு, மற்றக் குறிப்புப் பெட்டிகளுக்கு நகலெடுங்கள்:

```
=IFERROR(TEXTJOIN(CHAR(10),TRUE,
 FILTER(List!$B$2:$B$200,List!$A$2:$A$200=A4)),"")
```

ஒரே நாளில் மூன்று விஷயங்கள் இருந்தால் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அதற்குப் பெட்டியில் வரி மடிப்பை இயக்கியிருக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸிலும் இது அப்படியே வேலை செய்யும். எக்செல் 2019-லும் அதற்கு முந்தியவற்றிலும் `FILTER` கிடையாது, ஆகவே பழைய பதிப்பு வைத்திருந்தால் கூகுள் ஷீட்ஸிலேயே அமைத்துவிடுவது எளிது.

கட்டத்தின் இயந்திரம் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் சொல்லும் தவறுதல் இதனால் மட்டும் நின்றுவிடாது. கட்டத்தில் கெடு தேதியை மட்டும் குறிப்பதுதான் பெரும்பாலான அலுவலகங்களில் நடக்கும் பிழை. கெடு ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் அந்தப் பெட்டியை வெள்ளிக்கிழமை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கெடுவுக்கும் பட்டியலில் மூன்று வரிகள் எழுதுகிறேன்: வெளியார் விதித்த கடைசித் தேதி, நாம் உண்மையில் கொடுக்கப்போகும் நாள், வேலையைத் தொடங்கியே ஆகவேண்டிய நாள். முதல் தேதியை மட்டும்தான் கையால் எழுதுகிறேன். மற்ற இரண்டையும் `WORKDAY` கணக்கிடுகிறது.

2027 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். கடைசித் தேதி 31, ஞாயிறு. உங்கள் அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு வார விடுமுறை. அந்த வாரத்தில் 29 வெள்ளியன்று மட்டும் நிர்வாகம் ஒரு விடுமுறை அறிவித்திருக்கிறது, மற்ற நான்கு நாட்களும் வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிய மூன்று வேலை நாட்கள் ஆகும். `A41`-இல் 31ஆம் தேதியை எழுதிவிட்டு, `A42`, `A43` பெட்டிகளில் இவற்றை இடுங்கள்:

```
=WORKDAY(A41+1,-1,Holidays)
=WORKDAY(A42,-3,Holidays)
```

முதல் சூத்திரத்தில் ஒரு நாளைக் கூட்டிவிட்டு ஒரு வேலை நாள் பின்னால் போவது ஏன் என்று தோன்றலாம். கெடு நாளே வேலை நாளாக இருந்தால் அந்த நாளே விடையாக வரவேண்டும், இல்லாவிட்டால் அதற்கு முந்தைய வேலை நாள் வரவேண்டும். கூட்டாமல் விட்டால், வேலை நாளில் விழும் கெடுவும் தேவையில்லாமல் ஒரு நாள் முன்னால் போய்விடும். இங்கே ஞாயிறும் சனியும் விடுமுறை வெள்ளியும் கழிந்து 28 வியாழன் வருகிறது. அதிலிருந்து மூன்று வேலை நாட்கள் பின்னால் போனால் 25 திங்கள். கட்டத்தில் 25-இல் ‘கணக்கு: தொடங்கு’, 28-இல் ‘கணக்கு: கொடு’, 31-இல் ‘கணக்கு: கெடு’ என்று மூன்று இடங்களில் தெரியும். 29ஆம் தேதி விடுமுறையைப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தால் இதே சூத்திரங்கள் 29 என்றும் 26 என்றும் காட்டியிருக்கும். அலுவலகமே பூட்டியிருக்கும் நாளில் கொடுக்கச் சொல்லியிருக்கும். சூத்திரம் விடுமுறைப் பட்டியலை நம்பித்தான் நிற்கிறது என்பதை மறக்கவே கூடாது.

கெடு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம் என்று பலரும் வழக்கமாகச் சொல்வார்கள். பெறுபவர் அதை எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் நம்புங்கள். அப்போது சூத்திரம் `=WORKDAY(A41-1,1,Holidays)` என்று திரும்பும், நம் எடுத்துக்காட்டில் பிப்ரவரி 1 திங்கள் வரும். எழுத்தில் இல்லையென்றால் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வார விடுமுறை ஞாயிறு மட்டும் என்றால் `WORKDAY.INTL` பயன்படுத்தி, நாட்களின் எண்ணிக்கைக்கு அடுத்து 11 என்று எழுதுங்கள். வெள்ளி, சனி என்றால் 7. அரைநாள் விடுமுறை இரண்டுக்குமே தெரியாது. அந்த நாளில் வேலை நகராது என்றால் முழு விடுமுறையாகவே பட்டியலில் எழுதிவிடுகிறேன்.

ஒரு பொறியைக் கட்டாயம் சொல்லவேண்டும். தேதியை 05/01/2027 என்று தட்டினால், கணினியின் அமைப்பு மாதத்தை முதலில் படிப்பதாக இருக்கும்போது அது மே 1 ஆகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. 29/01/2027 என்று தட்டினால் 29ஆவது மாதம் இல்லாததால் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். அதாவது மாதத்தின் முதல் 12 நாட்கள் சத்தமில்லாமல் இடம் மாறும், பிந்தைய நாட்கள் கட்டத்தில் தோன்றவே தோன்றா. எழுத்தாக நின்றது பெட்டியின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டியிருக்கும். கண்டுபிடிக்க அதுவே போதும். இடம் மாறிய தேதியை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் 2027-01-29 என்றுதான் தட்டுகிறோம். ஆண்டு முன்னால் வந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருப்பு வெள்ளை அச்சில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வரலாம், சிலருடைய கண்ணுக்கு அவை எப்போதுமே பிரிந்து தெரியா. ஆகவே நிறம் இருந்தாலும் ‘விடுமுறை’, ‘கெடு’ என்ற சொல்லும் பெட்டிக்குள் இருக்கட்டும். பொறுப்பாளரின் முதலெழுத்தையும் சேர்த்துவிடுங்கள். ஒரு பெட்டியில் நான்கு வரிகளுக்கு மேல் வந்தால் படுக்கைவாட்டில் அச்சிட்ட ஏ4 தாளில் படிக்க முடியாது. அப்படி ஒரு நாள் வந்தால் நான் எழுத்தைச் சுருக்குவதில்லை. ‘தொடங்கு’ வரிகளில் ஒன்றை ஒரு நாள் முன்னால் நகர்த்துகிறேன், ஏனென்றால் ஒரே நாளில் நான்கைந்து வேலைகளை ஏழு பேர் தொடங்க முடியாது என்பதும் உண்மைதான்.

ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிவாக்கில் `B1`-இல் அடுத்த மாதத்தின் முதல் தேதியை இட்டுவிட்டு, நானும் இன்னொருவரும் சேர்ந்து உட்காருகிறோம். அவர் விடுமுறை அறிவிப்பைப் பார்த்து ஒவ்வொரு தேதியையும் கிழமையோடு வாசிப்பார், நான் கட்டத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். கிழமையும் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் பட்டியலில் ஏதோ தப்பாகத் தட்டப்பட்டிருக்கிறது. பத்து நிமிட வேலை. அச்செடுத்த தாளின் மூலையில் அச்சிட்ட தேதியையும் எழுதிவிடுங்கள். நடுவில் ஒரு விடுமுறை மாறி மறுபடி அச்சிட்டால், சுவரில் இருப்பது பழையதா புதியதா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.