குளிரில் ஓடிவிட்டு வந்தால் நெஞ்சு ஏன் இறுகுகிறது? கேள்வி பதில்

ஸ்காபரோவிலிருந்து: அண்ணா, காலை 6 மணிக்கு 8 கிலோமீட்டர் ஓடுவேன். நேற்று மைனஸ் 12. ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது இருமல் தொடங்கி அரை மணித்தியாலம் விடவில்லை. நுரையீரல் உறைந்துபோகுமா?

உறையாது. நாம் இழுக்கும் காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்க் கிளைகள் என்று போகப்போகவே சூடாகி, நுரையீரலின் அடியை எட்டுமுன் உடம்பின் வெப்பத்துக்கு வந்துவிடும். அந்தக் காற்று வறண்டிருப்பதுதான் தொல்லை. மைனஸ் 12இல் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 2 கிராம் நீராவிக்கு மேல் இருக்க இடமில்லை. உடம்பு வெப்பத்தில் அதே காற்றுக்கு 44 கிராம் வேண்டும். மிச்சத்தை உங்கள் மூச்சுக்குழாயின் ஈரமான உட்சுவர்தான் கொடுக்கிறது.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6, 7 லீற்றர் காற்றுத்தான் போய்வரும். ஓடும்போது அது 60 லீற்றரைத் தாண்டும், அதுவும் வாய் வழியாக. உங்கள் 8 கிலோமீட்டருக்கு 50 நிமிடம் என்று வைத்தால் 3 கன மீட்டர் காற்று, 125 கிராமுக்குக் கிட்டத் தண்ணீர். வெளிமூச்சில் கொஞ்சம் திரும்பப் படியும் என்றாலும் உட்சுவர் காயத்தான் செய்யும். காய்ந்தால் அங்குள்ள நீரில் உப்பு செறிகிறது, அங்குள்ள செல்கள் எரிச்சலடைந்து சில இரசாயனங்களை விடுகின்றன, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு குழாயை ஓரளவு விரித்தே வைத்திருக்கும். நின்ற பிறகு, 5 முதல் 15 நிமிடத்துக்குள் இறுக்கம் உச்சத்துக்குப் போகும். நீங்கள் சப்பாத்துக் கழற்றும் நேரம் அதுதான். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் தானாகத் தணியும்.

வெறும் இருமல் மட்டும் என்றால் வறட்சியாக மட்டுமே இருக்கலாம். மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டால், மறுநாளும் அப்படியே நடந்தால், டொக்டரிடம் போங்கள். அதற்கு முன் கீழே வரும் இரண்டையும், அதாவது உடம்பைச் சூடாக்குவதையும் வாயைத் துணியால் மூடுவதையும், இரண்டு வாரம் செய்து பாருங்கள்.

மொன்றியலிலிருந்து: இவ்வளவு கணக்குத் தேவையில்லை. மூக்கால் மட்டும் மூச்சு விட்டால் போதும், ஒரு தொல்லையும் வராது. ஓட்டக்காரர் எல்லோரும் சொல்வது இதுதானே?

பாதி சரி. மூக்கைப்போலக் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் கருவி உடம்பில் வேறு இல்லை. ஆனால் வழி ஒடுக்கம். நிமிடத்துக்கு 35, 40 லீற்றர் வந்ததும் பெரும்பாலானோருக்கு வாய் தானாகத் திறக்கும். அதற்குமேல் பிடிவாதமாக மூக்கால் இழுத்தால் மூச்சுத்தான் முட்டும். ஆகவே அதை வேகத்தின் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 10 நிமிடம் மூக்கால் மட்டும் ஓட முடிகிற வேகம், அதன் பிறகு மூக்கும் வாயும் சேர்ந்து, துணிக்குள். மூக்கு ஒழுகுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், குளிர்க்காற்றை ஈரப்படுத்த அது மிகையாக உழைக்கிறது, அவ்வளவுதான். ஓட்டக்காரருக்கான கையுறைகள் பலவற்றில் பெருவிரல் பக்கம் மூக்குத் துடைக்கிற துணியாகவே தைத்து வருகிறது.

எட்மன்டனிலிருந்து: கழுத்தில் போடும் குழாய்த்துணியை வாய்வரை இழுத்துவிட்டு ஓடுகிறேன். கால் மணியில் நனைந்து பலகைபோல உறைகிறது. பிறகு மூச்சே வரவில்லை.

உறைவதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வெளிவிடும் மூச்சின் ஈரமும் சூடும் துணியில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே திரும்பிப் போகின்றன. ஆனால் இழைகளின் இடைவெளி தண்ணீரால் அடைபட்ட பின் அது வடிகட்டி அல்ல, மூடி. மெல்லிய பொலியெஸ்டர் அல்லது மெரினோத் துணியை இரண்டாக மடித்துப் போடுங்கள், அதற்குமேல் வேண்டாம். உதட்டில் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி, காய்ந்த பக்கத்தை வாய்க்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்றை ஜக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்து பாதி வழியில் மாற்றுங்கள். அறுவைச்சிகிச்சை முகக்கவசம் இதற்கு உதவாது, நனைந்ததும் வாயில் அப்பிக்கொள்ளும். பருத்திச் சால்வையும் அப்படித்தான்.

நெஞ்சு இறுகும் பழக்கம் உள்ளவர்கள் மைனஸ் 5இலிருந்தே மூடலாம். மற்றவர்களுக்கு மைனஸ் 10 வரை அவசியம் வராது. மைனஸ் 20க்குக் கீழே எந்தத் துணியும் முழுதாகக் காக்காது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம்கூட நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளுக்கு அந்த அளவைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. குளிரிலேயே வளர்ந்தவர்களுக்கான போட்டி அது. நாங்கள் அன்று ட்ரெட்மில்லில் ஓடினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிரம்ரனிலிருந்து: வானிலை அப் காற்றோடு சேர்த்து மைனஸ் 20 என்று காட்டுகிறது, வெப்பநிலை மைனஸ் 10தான். அப்போ நெஞ்சுக்குள் போவது மைனஸ் 20 தானே? நான் நாலு உடுப்பு போட்டும் கடைசியில் நடுங்குகிறேன்.

நெஞ்சுக்குள் போவது மைனஸ் 10தான். காற்று வீசுவதால் கூடும் குளிர் திறந்த தோலுக்கான கணக்கு. 30 கிலோமீட்டர் காற்றில் மைனஸ் 10 தோலுக்கு மைனஸ் 20 போலப் படும். மூச்சுக்குழாய்க்கு அந்தக் காற்றைத் தெரியாது. ஆகவே முகத்தையும் விரலையும் மூட அந்த எண்ணைப் பாருங்கள், நெஞ்சுக்கு வெப்பநிலையைப் பாருங்கள். காற்றோடு சேர்த்து மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். கன்னத்தில் வெள்ளையாக, மரத்துப்போன திட்டு தெரிந்தால் அங்கேயே ஓட்டத்தை விட்டு உள்ளே போகவேண்டும். தேய்க்கக்கூடாது.

நடுக்கத்துக்குக் காரணம் அந்த நாலு உடுப்பு. வேர்த்து, உள்சட்டை நனைந்து, களைத்து வேகம் குறைந்ததும் அந்த ஈரம் சூட்டை உறிஞ்சுகிறது. வெளியே 10 பாகை கூடுதலாக இருப்பதுபோல உடுத்துங்கள். மைனஸ் 10க்கு உடம்போடு ஒட்டிய நீளக்கை பொலியெஸ்டர் அல்லது மெரினோ, அதன்மேல் முன்பக்கம் மட்டும் காற்றை மறிக்கும் மெல்லிய ஜக்கெட், கழுத்துவரை சிப் உள்ளது. மைனஸ் 15க்குத்தான் இடையில் மெல்லிய ஃபிளீஸ். பருத்தி உள்ளாடைகூட வேண்டாம். ஆண்களுக்கு முன்புறம் காற்றை மறிக்கும் உள்ளாடை விற்கிறது, எதிர்க்காற்றில் ஒருநாள் ஓடியவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வாசலில் முதல் 5 நிமிடம் கொஞ்சம் குளிரவேண்டும். குளிராவிட்டால் ஒன்றைக் கழற்றிவிட்டுப் போங்கள். போகும்போது எதிர்க்காற்றில் போய், வரும்போது காற்றை முதுகில் வாங்குங்கள். நனைந்த உடுப்போடு எதிர்க்காற்றில் திரும்புவதுதான் உங்களை நடுங்க வைத்திருக்கும்.

கல்கரியிலிருந்து: ஓடமுன் வாசலில் நின்று காலை நீட்டி 10 நிமிடம் ஸ்ட்ரெச் பண்ணுகிறேன். அது போதாதா?

தசையை நீட்டினால் நீளும், சூடாகாது. வெளியே நின்று நீட்டுவது இன்னும் மோசம், நிற்க நிற்க உடம்பு குளிரும். வீட்டுக்குள் 5 நிமிடம் படியேறி இறங்குங்கள், காலை முன்னும் பின்னும் வீசுங்கள், வேர்க்குமுன் நிறுத்துங்கள். பிறகு வெளியே 10 நிமிடம் மூக்கால் மூச்சு விடும் வேகத்தில் ஓடுங்கள். அதன் பிறகு 30 விநாடி வேகமாக ஓடி, 45 விநாடி நடப்பது. இதை ஆறு முதல் எட்டுத் தடவை.

இந்தக் குறும்பாய்ச்சல்கள் காலுக்கு மட்டுமல்ல. இறுகும் இயல்புள்ள மூச்சுக்குழாயை ஒருமுறை சிறிதாகத் தூண்டிவிட்டால், அதன்பின் ஒன்றிரண்டு மணித்தியாலம் அது அவ்வளவு இறுகாது. இது எல்லோருக்கும் பலிக்காது, ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். உங்களுக்குப் பலிக்குமா என்பதைச் செய்து பார்த்துத்தான் சொல்லமுடியும். ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர்கள் இதை மருந்துக்குப் பதிலாகச் செய்யக்கூடாது.

டெல்லியிலிருந்து: இங்க ஜனவரியில 6 டிகிரிதான். அதுக்கே காலையில ஓடினா நெஞ்செரிச்சலும் இருமலும். நீங்க சொன்ன மாதிரி கழுத்துத் துணிய வாய்வரை இழுத்துக் கட்டினேன், குறையல.

அந்த வெப்பநிலையில் காற்று அவ்வளவு வறண்டதில்லை. டெல்லியின் குளிர்காலக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, புகையைப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது. உங்களுக்கு இருமல் தருவது பெரும்பாலும் அந்தப் புகையின் நுண்துகள். துணி அதைத் தடுக்காது. வெயில் ஏறிய பின், காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு ஓடுங்கள். மோசம் என்று காட்டும் நாளில் வெளியே வேண்டாம்.

மார்க்கமிலிருந்து: வயது 54. பனியில் மேட்டில் ஓடும்போது நெஞ்சின் நடுவில் பிடிக்கிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. இதுவும் வறட்சிதானே?

நேரத்தைப் பாருங்கள். மூச்சுக்குழாய் இறுக்கம் நின்ற பிறகு கூடும். உங்களுடையது உழைக்கும்போது வந்து, நின்றால் போகிறது. அது இதயத்தின் இரத்தக்குழாயாக இருக்கலாம். குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தைக் கூட்டுவதால், கோடையில் தெரியாத அடைப்பு பனியில் தெரியவரும். டொக்டர் பார்க்கும்வரை ஓடவேண்டாம், பனி அள்ளவும் வேண்டாம். நின்றும் போகாவிட்டால், அல்லது கை, தாடைக்குப் பரவினால் 911.

ஸ்காபரோவிலிருந்து, மறுபடி: அண்ணா, இரண்டு வாரம் செய்தேன். இருமல் பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. மகனின் நீல இன்ஹேலரை ஓடமுன் இழுக்கலாமா?

மற்றவரின் மருந்து வேண்டாம். பாதி குறைந்தது என்றால் மூச்சுக்குழாய் இறுக்கமாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதைச் சோதனைதான் சொல்லும். ஓய்வாக இருந்து ஊதும் சோதனை உங்களைப் போன்றவருக்குச் சரியாகவே வரலாம். ‘ஓடிய பிறகுதான் வருகிறது’ என்று டொக்டரிடம் தெளிவாகச் சொல்லி, உடற்பயிற்சிக்குப் பின் ஊதும் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். அந்த மருந்தை உங்களுக்கே எழுதித் தந்தால், பொதுவாக ஓடுவதற்கு 15 நிமிடம் முன் எடுக்கச் சொல்வார்கள். தினமும் தேவைப்பட்டால் அதை அவரிடம் சொல்லவேண்டும், தொடர்ந்து எடுத்தால் அதன் பலன் குறையும், வேறு மருந்து தேவைப்படலாம். எடுத்துக்கொண்டு ஓடுவதானால் வெளிப்பையில் வைக்காதீர்கள். குளிர்ந்த குப்பி சரியான அளவு மருந்தைத் தெளிக்காது, கழுத்துத்துணி வைக்கும் அதே உள்பையில் வையுங்கள்.