நகம் கறுத்தால் ஒரு அளவு பெரிய ஷூ வாங்கலாமா?

"பெங்களூரில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் சாவன்துர்கா, ராமநகரம் பக்கம் பாறை ஏறப் போவேன். ஓடுவதற்கு வாங்கிய ஷூ சரிவுப் பாறையில் வழுக்கியது. அதனால் மலைப்பாதையில் நடக்கவும் பாறையில் ஏறவும் உதவும், ஒட்டும் ரப்பர் சோல் வைத்த அப்ரோச் ஷூ வாங்கினேன், 42 அளவு. ஏறும்போது நன்றாகப் பிடிக்கிறது. இறங்கும்போது பெருவிரல் முட்டி நகம் கறுத்துவிட்டது. கடையில் 43 எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? எடுத்தால் பாறையில் பிடிப்பு குறையுமா?"

இப்போதைக்கு எடுக்காதீர்கள். முதலில் பாதத்தை அளந்துவிடுங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது, நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். உடம்பின் எடை அந்தக் காலில் இருக்க வேண்டும். மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்கு அது பெருவிரல், சிலருக்கு இரண்டாவது விரல். இரண்டு காலையும் அளந்து, பெரியதைக் கணக்கில் எடுங்கள்.

பெரிய பாதம் 26.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய அளவு எண்ணை 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால், அந்த ஷூவைச் செய்யப் பயன்பட்ட அச்சின் நீளம் செ.மீ. கணக்கில் கிடைக்கும். 42 என்றால் 28 செ.மீ. உங்கள் விரலுக்கு முன்னால் கணக்குப்படி 15 மி.மீ. இடம் இருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும். அதனால் ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து, அதன் மேல் ஏறி நின்று, விரல் நுனிக்கு முன்னால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். கணக்கைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

அங்கே 10 மி.மீ.க்கு மேல் மிச்சம் இருந்தும் நகம் முட்டுகிறது என்றால், ஷூ நீளம் போதாமல் முட்டவில்லை. இறக்கத்தில் பாதம் அந்த இடைவெளி முழுவதையும் சறுக்கிக் கடந்துபோய் முட்டுகிறது. 43-இல் அச்சு ஏறக்குறைய 28.7 செ.மீ., அதாவது இடைவெளி 22 மி.மீ. ஆகும். பாதம் சறுக்க இன்னும் கொஞ்சம் தூரம் கிடைக்கும், அவ்வளவுதான். போய் மோதும் வேகமும் கூடும். அளவைக் கூட்டிக் கூட்டி வாங்கியும் நகம் கறுப்பது நிற்காதவர்களுக்கு நடப்பது இதுதான்.

இன்சோலில் 5 மி.மீ.கூட மிச்சம் இல்லையென்றால் கதை வேறு. அப்போது ஷூ உண்மையிலேயே சின்னது, அரை அளவு கூட்ட வேண்டியதுதான். அப்புறம், விரலின் நுனி வலிக்கவில்லை, நகத்தின் மேல்புறம்தான் வலிக்கிறது என்றால் முன்பக்கத்தின் உயரம் போதவில்லை. அதை நீளம் கூட்டித் தீர்க்க முடியாது, வேறு மாடல் பார்க்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போவதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அதை மறந்துவிட்டு ஷூவைத் திட்டுபவர்கள் நிறைய.

சரி, பாதம் ஏன் சறுக்குகிறது? இறக்கத்தில் உடம்பின் எடை பாதத்தை முன்னால் தள்ளும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டியது விரல் அல்ல, புறங்கால். அந்த இடத்தில் லேஸ் தளர்வாக இருந்தால் தடுக்க எதுவும் இல்லை. அப்ரோச் ஷூவில் லேஸ் விரல் வரை நீண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். அது அழகுக்காக இல்லை. முன்பாதத்தின் இறுக்கத்தையும் புறங்காலின் இறுக்கத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பாதத்தைப் பின்னால் கொண்டுபோங்கள். நடைபாதையில் போகும்போது விரல் பக்கத்து லேஸ் தளர்வாக இருக்கட்டும். இறங்கத் தொடங்கும் முன் நின்று, கடைசி மூன்று நான்கு துளைகளை நன்றாக இழுத்து இறுக்குங்கள். மேலே கூடுதலாக ஒரு துளை இருந்தால், அதற்குக் கீழே உள்ள துளையிலிருந்து வரும் லேஸை அதே பக்கத்தில் அந்த மேல் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் செய்யுங்கள். எதிர்ப்பக்கத்து லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும். பிறகு ஏதாவது ஒரு சாய்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்துச் சரிவு போதும், இறங்கிப் பாருங்கள். முன்னால் ஓங்கி உதைத்தும் பாருங்கள். விரல் முட்டவில்லை என்றால் 42-ஐயே வைத்துக்கொள்ளலாம். முட்டினால் புறங்கால் அமைப்பே உங்கள் காலுக்குப் பொருந்தவில்லை. அப்போது 43 வேண்டாம், வேறு வடிவம் தேடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பிடிப்பு குறையுமா? ரப்பர் மாறாது, ஆனால் அதைப் பயன்படுத்தும் வசதி குறையும். ஷூவைத் திருப்பிப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே சோலில் பற்கள் இல்லாமல் தட்டையாக ஒரு பகுதி இருக்கும். பாறையின் சின்ன விளிம்பில் நிற்பதற்கான இடம் அது. பெருவிரல் அதன் மேல் நேராக இருந்தால்தான் எடை அங்கே இறங்கும். விரலுக்கு முன்னால் 2 செ.மீ. வெற்றிடம் இருந்தால், நீங்கள் விளிம்பில் வைப்பது ஆளில்லாத ரப்பரை. அது வளைந்து கீழே மடங்கும், கால் உருண்டு வெளியே வரும்.

எனவே சாதாரண மலையேற்ற ஷூவில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் விடுவதுபோல் இதில் விடக்கூடாது. அதில் பாதி போதும், இன்சோல் கணக்கில் 6 முதல் 10 மி.மீ. வரை. நிற்கும்போது விரல்கள் நீட்டியே இருக்க வேண்டும், மடங்கக் கூடாது. பாறையேற்றத்துக்கென்றே உள்ள இறுக்கமான ஷூவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதை ஏறும்போது மட்டும் போட்டுக் கழற்றிவிடுகிறோம், இதைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நடக்க வேண்டும்.

கடையில் இதைச் சோதிக்க ஒரு படிக்கட்டு போதும். விரல் பக்கத்து லேஸை இறுக்கி, பெருவிரலின் உள்பக்க ஓரத்தை மட்டும், சுமார் ஒன்றரை செ.மீ., படியின் விளிம்பில் வைத்து எடையை ஏற்றுங்கள். ஷூவின் மேல்பகுதிக்குள் பாதம் பக்கவாட்டில் நகர்ந்தால் முன்பாதம் தளர்வு. அகலமான முன்பாதம் உள்ளவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டிவிடுகிறார்கள். தோல் ஷூ அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், செயற்கை இழை அவ்வளவாக விடாது, நீளவாக்கில் எதுவும் விடாது. அகலமான அச்சு உள்ள மாடலைத் தேடுவதுதான் வழி.

ரப்பர் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஓட்ட ஷூ ஏன் வழுக்கியது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. சாவன்துர்காவின் கருங்கல் பாறை தூரத்திலிருந்து வழவழப்பாகத் தெரிந்தாலும் கையால் தடவினால் நுண்ணிய மேடுபள்ளம். மென்மையான ரப்பர் எடையின் கீழ் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கிறது. ஸ்டெல்த், விப்ரம் மெகாகிரிப் போன்ற ரப்பர்கள் பெயர் வாங்கியது இந்த வேலையால்தான். ஆனால் எவ்வளவு ரப்பர் பாறையைத் தொடுகிறது என்பதும் முக்கியம். மண்பாதை ஓட்டத்துக்கான உயரமான பற்கள் சரிவுப் பாறையில் நுனிகளால் மட்டுமே தொடும், எடை ஏறும்போது சாய்ந்து நெளியும். அதற்கு மேலே இருக்கும் தடித்த மெத்தையும் நெளியும். அதே பற்கள் மழைக்காலச் சேற்றில் உங்கள் அப்ரோச் ஷூவைவிட நன்றாக நிற்கும். பாறைக்கு முன்னால் இருக்கும் காட்டுப்பாதையில் இலைச்சருகின் மேல் சறுக்கினால் ஷூவைக் குறை சொல்லாதீர்கள், அது அந்த வேலைக்குச் செய்யப்படவில்லை.

எத்தனை டிகிரி வரை நிற்கும் என்று கேட்பார்கள். 30 டிகிரிச் சரிவில் சறுக்காமல் நிற்க உராய்வுக் குணகம் சுமார் 0.6 போதும், 40 டிகிரிக்கு 0.84 வேண்டும். பத்து டிகிரிதான் வித்தியாசம், கையிருப்பு அவ்வளவு வேகமாகக் கரைகிறது. காய்ந்த சுத்தமான பாறையில் நல்ல ரப்பர் இதைத் தரும். ஆனால் உதிர்ந்த கல்மணல் பாறையின் மேல் கிடந்தால் கால் அந்த மணலின் மேல்தான் நிற்கிறது. பாறையில் ஏறும் முன் சோலை உள்ளங்கையாலோ ஈரத்துணியாலோ துடைப்பது சடங்கு இல்லை. மண் ஒட்டிய சோல் ஒட்டாது.

இறக்கத்தில் பெரும்பாலானவர்கள் பயத்தில் பின்னால் சாய்ந்து, காலை நீட்டி, குதிகாலை ஊன்றுகிறார்கள். அப்போது தொடும் பரப்பும் குறைகிறது, விசையும் சரிவின் போக்கிலேயே போகிறது. கால் பறித்துக்கொண்டு ஓடும். முழங்காலை மடித்து, இடுப்பைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்து, சோல் முழுவதும் படும்படி சின்ன அடிகளாக இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பிக்கொள்ளுங்கள், இன்னும் செங்குத்தானால் பாறையைப் பார்த்தபடி கையையும் ஊன்றி இறங்குங்கள். இப்படி இறங்கினால் விரல் மீது வரும் அழுத்தமும் குறையும், நகத்துக்கும் நல்லது.

பாறையில் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் வழியும் தடம் அது, பாசியும் நுண்ணுயிர்களும் படிந்திருக்கும். காய்ந்திருந்தால் கடக்கலாம். ஈரமாக இருந்தால் எந்த ரப்பரும் அங்கே நிற்காது, விலை எவ்வளவாக இருந்தாலும். மழை பெய்தால் காயும் வரை மேலேயே காத்திருங்கள். இடி மின்னல் இருந்தால் உச்சியிலும் நிற்க முடியாது, எனவே மேகம் கூடும் நாளில் ஏறாமல் இருப்பதே மேல்.

ஒட்டும் ரப்பர் சீக்கிரம் தேயும். தார்ச்சாலையில் நடந்து அதை வீணாக்காமல், மலையடிவாரம் வரை செருப்பில் போய் மாற்றிக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் போட்டுவைக்காதீர்கள், பசை விட்டுவிடும். சோல் பளபளப்பாகி இறுகினால் கரடான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மேல்தோலை எடுத்துப் பாருங்கள், பிடிப்பு ஓரளவு திரும்பும். பெருவிரல் பக்கத்துத் தட்டைப் பகுதியின் விளிம்பு உருண்டையாகிவிட்டால் சின்னப் படிகளில் நிற்காது. தேய்மானம் சோலோடு நிற்கும் போதே, சுற்றி ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை வரை போவதற்கு முன், பாறையேற்ற ரப்பர் வைத்து சோல் மாற்றுபவரிடம் கொடுங்கள். தெருவோரத்தில் சாதாரண ரப்பர் ஒட்டி வாங்கினால் ஷூ நடக்க உதவும், சாவன்துர்காவுக்கு உதவாது.